சன்ஸ்கிரீன் போட்டதால்தான் விட்டமின் டி குறைந்ததா?

"வயது 31. சென்னையில் ஐ.டி. வேலை. கன்னத்தில் மங்கு வந்ததால் இரண்டு வருடமாகத் தினமும் முகத்துக்கு எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் போடுகிறேன். போன வாரம் ரத்தம் பார்த்ததில் விட்டமின் டி 11 என்று வந்திருக்கிறது. வெயிலே உடம்பில் படவிடாமல் க்ரீம் பூசினால் இப்படித்தான் ஆகும் என்று அம்மா திட்டுகிறார். சன்ஸ்கிரீனை நிறுத்திவிடட்டுமா? இல்லை, போட்டுக்கொண்டே விட்டமின் டி-யை ஏற்ற வழி இருக்கிறதா?"

நிறுத்த வேண்டாம். உங்கள் 11-க்கு அந்த ட்யூப் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நிறுத்தினால் விட்டமின் டி ஏறாது, மங்கு மட்டும் திரும்பி வரும். இப்படிச் சொல்லி விட்டுவிட்டால் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார், அவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதனால் கணக்கோடு சொல்கிறேன். நான் தோல் மருத்துவர். இந்தக் கேள்வி வாரத்தில் இரண்டு முறையாவது என் மேஜைக்கு வருகிறது.

முதலில் அம்மாவின் நியாயம். தோலில் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்று ஒரு பொருள் இருக்கிறது. வெயிலில் இருக்கும் யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் அதன் மேல் பட்டால்தான் அது விட்டமின் டி-யாக மாறத் தொடங்கும். தோலைச் சிவக்க வைப்பதும் பெரும்பாலும் இதே யு.வி.பி.தான். எஸ்.பி.எஃப். என்ற எண் அளப்பது அந்தச் சிவப்பைத் தடுக்கும் திறனை. ஆகவே சிவப்பைத் தடுக்கும் க்ரீம் விட்டமின் டி-யையும் தடுக்கத்தானே வேண்டும்? தடுக்கும். 1987-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய பரிசோதனை நடந்தது. வெறும் எஸ்.பி.எஃப். 8 உள்ள க்ரீமை உடம்பு முழுக்கப் பூசி, செயற்கைப் புற ஊதா விளக்கின் முன் ஆட்களை நிறுத்தினார்கள். பூசாதவர்களுக்கு ரத்தத்தில் விட்டமின் டி எகிறியது, பூசியவர்களுக்கு ஏறக்குறைய அசையவே இல்லை. "சன்ஸ்கிரீன் விட்டமின் டி-யை அப்படியே தடுத்துவிடும்" என்று இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பேச்சுக்கு மூலம் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் அதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். உடம்பு முழுக்கப் பூசினார்கள், அதுவும் ஆய்வகத்தில் அளந்து பூசினார்கள். நாம் இரண்டையுமே செய்வதில்லை.

உடம்பு முழுக்க என்பதை எடுத்துக்கொள்வோம். உங்கள் கை விரல்களைச் சேர்த்து வைத்தால், உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்து உங்கள் மொத்தத் தோலில் ஏறக்குறைய ஒரு சதவீதம். தீக்காயம் எத்தனை சதவீதம் என்று பார்க்க நாங்கள் பயன்படுத்தும் கணக்கு இது. இப்போது அந்தக் கையை முகத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு கை வைத்தால் முகம் மூடிவிடும். கழுத்தின் முன்பக்கத்தையும் சேர்த்தால் ஐந்து. அதாவது நீங்கள் க்ரீம் பூசுவது விட்டமின் டி தயாரிக்கக்கூடிய தோலில் இருபதில் ஒரு பங்கில். மீதி பத்தொன்பது பங்கும் க்ரீம் இல்லாமல்தான் இருக்கிறது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இரண்டு கைகளும் சேர்ந்து 11 சதவீதம். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களும் 14 சதவீதம். முகத்தை முழுவதுமாகக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாலும் கைகள் மட்டுமே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கின்றன.

அடுத்து அளந்து பூசுவது. எஸ்.பி.எஃப். 50 என்ற எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசினால் மட்டுமே கிடைப்பது. முகத்துக்கு மட்டும் அது ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல் வரும். பெரும்பாலானவர்கள் அதில் பாதியோ கால்வாசியோதான் பூசுகிறார்கள். நீங்கள் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. 50 கிராம் ட்யூப் உங்களுக்கு எத்தனை நாள் வருகிறது? தினமும் ஒரு முறை முகத்துக்குச் சரியான அளவில் பூசினால் ஆறு வாரத்தில் தீர்ந்துவிட வேண்டும். நான்கு மாதம் வருகிறது என்றால் நீங்கள் பூசுவது தேவையில் மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவில் உங்கள் தோலுக்குக் கிடைப்பது 50 இல்லை, அதற்கு வெகு கீழே. என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த ட்யூப் கணக்கைத்தான். மங்கு ஏன் மறையவில்லை என்பதற்கும் பல நேரம் அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

சரி, நிஜ வாழ்க்கையில் என்ன ஆகிறது என்று பார்த்தவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள், பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில். தோல் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் ஒன்று என்பதால் சன்ஸ்கிரீனை அவர்கள் அளவுக்கு ஆராய்ந்தவர்கள் குறைவு. 1990-களில் விக்டோரியா மாநிலத்தில் நூற்றுச் சொச்சம் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு எஸ்.பி.எஃப். 17 சன்ஸ்கிரீனும் மறு பாதிக்கு மருந்தில்லாத வெறும் க்ரீமும் கொடுத்து ஒரு கோடை முழுக்கப் பூசச் சொன்னார்கள். கோடை முடிவில் இரண்டு பக்கமும் விட்டமின் டி ஏறக்குறைய ஒரே அளவுக்கு ஏறியிருந்தது. குவீன்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் 1,600-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 1992 முதல் 1996 வரை நடந்த பெரிய ஆய்வில், தினமும் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் என்ற வகைத் தோல் புற்றுநோய் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. விட்டமின் டி-யில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. வெயிலில் போகிறவர்கள்தான் க்ரீமும் பூசுகிறார்கள், எப்படியும் கொஞ்சம் கதிர் உள்ளே போய்விடுகிறது என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். பல வருடம் நாங்களும் இதையே சொல்லிக் கையை உதறிக்கொண்டிருந்தோம்.

இப்போது அப்படி முழுதாகக் கையை உதற முடியாது. பழைய ஆய்வுகளில் இருந்தவை எஸ்.பி.எஃப். 15, 17 போன்ற மெல்லிய க்ரீம்கள். இன்று கடையில் இருப்பது 50. அதே ஆஸ்திரேலியாவில் சன்-டி என்று பெயரிட்ட ஓர் ஆய்வின் முடிவு 2025-இல் வெளிவந்தது. அறுநூற்றுச் சொச்சம் பேர். ஒரு பாதியினர் புற ஊதாக் குறியீடு 3-ஐ எட்டும் நாட்களில் எல்லாம், துணி மூடாத தோல் முழுவதிலும் எஸ்.பி.எஃப். 50+ பூச வேண்டும். மறு பாதியினர் வழக்கம்போல இருக்கலாம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல இருந்தவர்களில் சுமார் 37 சதவீதம் பேருக்கு விட்டமின் டி குறைபாடு இருந்தது, தினமும் பூசியவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்கு. சராசரியாகப் பார்த்தால் வித்தியாசம் நம் ரத்தப் பரிசோதனைச் சீட்டின் கணக்கில் 2 எண் அளவுதான். ஆனால் வித்தியாசம் இருக்கிறது.

ஆகவே என் பதில் இது. வலுவான சன்ஸ்கிரீனை வெயில் படும் தோல் முழுவதிலும் தினமும் ஒழுங்காகப் பூசினால் விட்டமின் டி கொஞ்சம் குறையும். முகத்துக்கு மட்டும் பூசினால் குறைவது கண்ணுக்கே தெரியாது. முழுக்கப் பூசியவர்களுக்கே சராசரியாக 2 எண்தான் குறைந்தது. உங்களுக்கு 20 இருக்க வேண்டிய இடத்தில் 11 இருக்கிறது. மீதி எங்கே போயிற்று என்று பார்க்க வேண்டுமானால் ட்யூபை விட்டுவிட்டு உங்கள் நாளைப் பார்க்க வேண்டும்.

உங்கள் நாளை நான் ஊகித்துச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். காலை எட்டு, எட்டரைக்குக் கிளம்புகிறீர்கள். வண்டியில் போனால் துப்பட்டா முகத்தில், கையில் முழு நீளக் கையுறை. கம்பெனி பஸ்ஸில் போனால் ஜன்னல் கண்ணாடி. சாப்பாடு கட்டிடத்துக்குள்ளேயே இருக்கும் கேன்டீனில். வெளியே வரும்போது இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலை, அப்புறம் மால். வாரத்தில் உங்கள் கையும் காலும் உயரே ஏறிய சூரியனைப் பார்த்த நிமிடங்களை எண்ணினால் பத்து வருமா? இந்த நாளில் சன்ஸ்கிரீனைக் கழித்துவிட்டுப் பாருங்கள், ஒன்றுமே மாறாது. சன்ஸ்கிரீன் என்ற பொருளையே பார்த்திராத உங்கள் அப்பாவுக்கும் அலுவலக நண்பர்களுக்கும் பரிசோதித்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு இதே மாதிரி எண் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கண்ணாடி விஷயத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.-யை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும், யு.வி.ஏ. என்ற இன்னொரு கதிரைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். யு.வி.ஏ. தோலைக் கறுக்க வைக்கும், மங்கைக் கிளறிவிடும், விட்டமின் டி-க்குத் துளியும் உதவாது. அலுவலகத்தில் ஜன்னல் ஓர இருக்கை கிடைத்தவருக்கும் நாள் முழுக்கக் கார் ஓட்டுகிறவருக்கும் ஒரு பக்கக் கன்னம் மட்டும் கறுப்பது இதனால்தான். வெயிலின் கெடுதல் வந்து சேர்கிறது, நன்மை வெளியிலேயே நின்றுவிடுகிறது. வெளியே போகாத நாளிலும் மங்கு உள்ளவர்கள் க்ரீம் பூச வேண்டும் என்று நாங்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம். மங்குக்கு யு.வி.ஏ. மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் எதிரிதான். நம் நிறத் தோலில் அது இன்னும் அதிகம். அதனால் இரும்பு ஆக்சைடு சேர்த்த, லேசாகத் தோல் நிறம் உள்ள சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை க்ரீம் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது.

இனி வெயில். இங்கேதான் நம் ஊரில் பெரிய தப்பு நடக்கிறது. "காலை இளம் வெயிலில் நில்லுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் சூரியனைப் பார்த்து நிற்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! நானே தொழிலுக்கு வந்த புதிதில் பல வருடம் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் சூரியன் சாய்ந்து நிற்கும், அதன் கதிர் காற்று மண்டலத்தை நீண்ட தூரம் கடந்து வர வேண்டும். வரும் வழியில் ஓசோன் படலம் யு.வி.பி.-யை ஏறக்குறைய முழுதாக உறிஞ்சிவிடும். மிச்சம் வருவது இதமான சூடும் வெளிச்சமும். திருப்பதியில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். 7-டீஹைட்ரோகொலஸ்ட்ராலைச் சிறு குப்பிகளில் அடைத்து மணிக்கு மணி வெயிலில் வைத்து, எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். அதிகமாக மாறியது காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. திருப்பதியும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால் இந்த முடிவை நமக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சித்திரை வெயிலில் 12 மணிக்கு மாடியில் நில்லுங்கள் என்று நான் சொன்னால் என்னைத்தான் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். அவசியமும் இல்லை. சூடும் யு.வி.பி.-யும் வேறு வேறு. கடிகாரத்தைப் பார்ப்பதை விட உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாக இருந்தால் வேலைக்கு ஆகும் அளவு யு.வி.பி. கீழே வருகிறது. நிழல் உங்களை விட நீளம் என்றால் குறைவு, இரண்டு மடங்கு நீளம் என்றால் நிற்பது வீண். சென்னையில் மே மாதம் காலை ஒன்பது மணிக்கே நிழல் குட்டையாகிவிடும். டிசம்பரில் பத்தரை ஆகும், பிற்பகல் இரண்டுக்குள் மறுபடி நீண்டுவிடும். ஆகவே கோடையில் ஒன்பதரை மணி வெயில் போதும். மார்கழியில் மதியச் சாப்பாடு முடிந்து ஒரு நடை, அது சுகமாகவும் இருக்கும். வருடத்தில் ஒரு நாள்கூட நம் ஊரில் நிழல் குட்டையாகாமல் போவதில்லை.

லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் தமிழர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. லண்டனில் அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை மதியத்தில்கூட போதுமான யு.வி.பி. தரைக்கு வருவதில்லை. அங்கே குளிர்காலத்தில் எல்லோரும் தினமும் 400 ஐ.யு., அதாவது 400 சர்வதேச அலகு, விட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அரசு, கறுத்த தோல் உள்ளவர்களுக்கு வருடம் முழுவதும். அவர்கள் வெயில் பற்றி யோசிக்காமல் மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எவ்வளவு நேரம் என்பதற்குத் துல்லியமான நிமிடக் கணக்கு யாராலும் தர முடியாது. தோலின் நிறம், மேகம், புகை, எவ்வளவு தோல் வெளியே இருக்கிறது என்று எல்லாம் மாறும். நம் தோலில் இருக்கும் மெலனின் இயற்கையே பூசிவிட்ட சன்ஸ்கிரீன். வெள்ளைக்காரருக்குப் பத்து நிமிடம் என்றால் நமக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். நான் சொல்வது இப்படி: முகம், கழுத்துக்குச் சன்ஸ்கிரீன் பூசி, மேலே ஒரு குடையோ அகலத் தொப்பியோ வைத்து முகத்தை நிழலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கை உடுப்பு, கால் முட்டிக்குக் கீழே வெளியே தெரிகிற மாதிரி ஏதாவது. கைக்கும் காலுக்கும் எதுவும் பூச வேண்டாம். நிழல் குட்டையான நேரத்தில் 20 நிமிடம், வாரத்தில் நான்கு நாள். மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரமே இதற்குப் போதும், தனியாக யோகாசனம் மாதிரி ஆக்க வேண்டியதில்லை. கையும் காலும் சேர்ந்து உடம்பில் கால்வாசி. நீங்கள் மூடி வைத்த முகத்தை விட ஐந்து மடங்கு.

தோல் எரியத் தொடங்கினால் உள்ளே வந்துவிடுங்கள். அதற்கு மேல் நின்றால் கூடுதல் விட்டமின் டி கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கட்டத்துக்குப் பிறகு, உருவான பொருளையே அதே வெயில் வேறு உதவாத பொருட்களாக மாற்றத் தொடங்கும். தோல் தன் கதவைத் தானே சாத்திக்கொள்வது மாதிரி. நாள் முழுக்க வயலில் நிற்கிறவருக்கும் வெயிலால் விட்டமின் டி நஞ்சாவதில்லை என்பது இதனால்தான். ஒரே ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் மூன்று மணி நேரம் காய்வதை விட, சின்னச் சின்னதாக நான்கு நாள் என்பது லாபம் கூடியது, சேதம் குறைந்தது.

"கைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம் என்று ஒரு தோல் மருத்துவரே சொல்லலாமா?" என்று என் சக மருத்துவர்கள் சிலர் கோபப்படுவார்கள். சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். தினமும் உடம்பு முழுக்கப் பூசச் சொல்லும் அறிவுரை, வெள்ளைத் தோலில் வரும் புற்றுநோயை மனதில் வைத்து எழுதப்பட்டது. நம் தோலில் அந்த ஆபத்து பல மடங்கு குறைவு. ஆஸ்திரேலிய நிபுணர்களே அண்மையில் தங்கள் அறிவுரையைத் தோல் நிறப்படி மூன்றாகப் பிரித்து, கறுத்த தோல் உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தினசரிப் பாதுகாப்பு அவசியமில்லை, வெளியில் தாராளமாக நேரம் செலவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். நமக்குச் சன்ஸ்கிரீன் தேவைப்படுவது பெரும்பாலும் மங்கு, பரு போன இடத்துக் கரும்புள்ளி, தோலைக் கூச வைக்கும் சில மருந்துகள் போன்ற காரணங்களுக்காக. அந்தக் காரணம் உங்களுக்கு முகத்தில்தான் இருக்கிறது, முழங்கையில் இல்லை.

விதிவிலக்கு உண்டு. லூபஸ் உள்ளவர்கள், வெயில் ஒவ்வாமை உள்ளவர்கள், உடல் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்காரர்கள் ஆகியோர் நான் மேலே சொன்ன வெயில் பாடத்தை அப்படியே மறந்துவிட வேண்டும். வெண்புள்ளி உள்ளவர்கள் அந்த இடங்களுக்குத் தங்கள் மருத்துவர் சொன்னதையே கேட்கட்டும். உடம்பு முழுக்க மூடி வெளியே போகிறவர்களுக்கும் வெயில் கணக்கு பொருந்தாது. இவர்களுக்கெல்லாம் மாத்திரைதான் நேர் வழி, அதில் குறையொன்றும் இல்லை. ரத்தத்துக்குள் போன பிறகு வெயிலில் வந்த விட்டமின் டி3 எது, மாத்திரையில் வந்தது எது என்று உடம்புக்குத் தெரியாது.

இப்போது உங்கள் 11. அது மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம். 20-க்குக் கீழே என்றால் குறைபாடு, 12-க்குக் கீழே என்றால் கடுமையானது என்பது பொதுவான அளவுகோல். சில ஆய்வகச் சீட்டுகளில் 30-க்குக் கீழே எல்லாமே சிவப்பு எழுத்தில் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த 30 என்ற இலக்கைக் கொண்டுவந்த அமெரிக்க அகச்சுரப்பியியல் சங்கமே 2024-இல் அதைக் கைவிட்டுவிட்டது. ஆனால் உங்கள் 11 எந்த அளவுகோலிலும் குறைவுதான், வெயிலை மட்டும் நம்பிக் காத்திருக்கும் எண் அது இல்லை. வெயில், ஏறிய அளவைத் தக்கவைக்க. பள்ளத்தை நிரப்ப மருந்து.

சாப்பாட்டாலும் நிரம்பாது. முட்டை மஞ்சள் கருவில் சுமார் 40 ஐ.யு.தான் இருக்கும். செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300. நம் நாட்டுப் பரிந்துரை தினமும் 600 ஐ.யு. மத்தியும் காணாங்கெளுத்தியும் வாரத்தில் சில நாள் சாப்பிட்டால் கொஞ்சம் உதவும், சைவம் என்றால் அந்த வழியும் இல்லை.

வழக்கமாக எழுதுவது 60,000 ஐ.யு., வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். அதன் பிறகு தினமும் 1,000 அல்லது 2,000, இல்லையென்றால் மாதம் ஒரு 60,000. உங்களுக்கு எது என்று உங்கள் மருத்துவர் சொல்லட்டும். சிறுநீரகக் கல் வந்திருக்கிறதா, கர்ப்பமா, வலிப்பு மருந்து எடுக்கிறீர்களா என்பதையெல்லாம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம், மதியச் சாப்பாட்டோடு போடுங்கள். ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு அந்த நாளில் மட்டும் போடுங்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் வந்த ஓர் அம்மாவுக்குச் சீட்டில் எழுதியிருந்தது வாரம் ஒன்று. மருந்துக் கடையில் உறை மேல் எழுதிக் கொடுத்தது தினம் ஒன்று. இரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே விழுங்கியிருக்கிறார். ஓயாத தாகம், வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருப்பது தெரிந்தது. அவர் என்னிடம் வந்ததோ தோல் அரிப்புக்காக! வெயிலில் அதிகமாக நின்றால் தோல் கதவைச் சாத்திக்கொள்ளும் என்று சொன்னேன் அல்லவா, வயிற்றுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. மருத்துவர் சொல்லாமல் தினமும் 4,000 ஐ.யு.-க்கு மேல் போக வேண்டாம்.

எட்டு வாரம் முடிந்த கையோடு பரிசோதனைக்கு ஓட வேண்டாம். ரத்தத்தில் அது நிலைப்படச் சில வாரம் பிடிக்கும், மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் பாருங்கள். அதற்குள் ஏறாவிட்டால், மாத்திரையை ஒழுங்காகப் போட்டோமா என்பதுதான் முதல் கேள்வி. போட்டும் ஏறவில்லை என்றால் குடல் சரியாக உறிஞ்சவில்லையா, கல்லீரல், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று தேட வேண்டும். உடல் எடை மிக அதிகம் என்றால் அதே மாத்திரை குறைவாகத்தான் ஏற்றும், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு ஒரு யோசனை. அவருக்கும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். சன்ஸ்கிரீன் போடாத அவருடைய எண் எவ்வளவு என்று வந்து சொல்லுங்கள்.